தப்பான விடைக்கும் ஒரு கேள்வி இருக்கு

உடப்புசல்லாவையில சனிக்கிழமைகள்ல நாங்க நடத்துற ஓ.எல் வகுப்புல ஒருநாள் கரும்பலகையில ரெண்டு சலாகை வரைபு கீறினோம். ரெண்டுமே ஒரு வருஷத்துக்கான மாதாந்த மழைவீழ்ச்சி. முதலாவதுல ஜூன், ஜூலை மாதச் சலாகைகள் உயரமா நிக்குது. ரெண்டாவதுல நவம்பர், டிசம்பர் உயரம். ஜூலை, ஆகஸ்ட் குட்டையா இருக்கு. "இதுல நம்ம ஊர் எது?" என்று கேட்டோம்.

வகுப்புல பாதிக்கு மேல முதலாவதைத்தான் சொன்னாங்க. ஏன் என்று கேட்டா, எல்லாருக்கும் ஒரே பதில்: "மலைநாட்டுக்குத் தென்மேற்குப் பருவக்காற்று மழை தானே சேர்."

அதுக்குப் பிறகு நாங்க வேற மாதிரி கேட்டோம். உடுப்பு காயாம அடுப்புக்கு மேல கொடி கட்டித் தொங்கப் போடுறது உங்க வீட்டுல எந்த மாசம்? எல்லாரும் சிரிச்சாங்க. டிசம்பர். ஆகஸ்ட்ல எப்படி இருக்கும்? காத்து. காஞ்ச காத்து. அந்தக் காத்து அடிக்கிற மாசங்கள்லதான் நம்ம பக்கத்துக் கொழுந்துக்கு நல்ல வாசம் வரும், ஏலத்துல நல்ல விலையும் போகும்.

உடப்புசல்லாவை மத்திய மலைகளின் கிழக்குப் பக்கச் சரிவில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் ஈரத்தில் பெரும்பகுதியை மேற்குச் சரிவிலேயே கொட்டிவிட்டுத்தான் மலையைத் தாண்டும். ஆகவே முதலாவது வரைபு ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்துக்குச் சரி. நமக்கு அது பிழை. நமக்கு மழை கொண்டுவருவது வடகிழக்குப் பருவக்காற்று.

இங்க கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. பிழையா சொன்ன பிள்ளைங்க ஒண்ணும் தெரியாம சொல்லல. அவங்க சொன்னது வேறொரு கேள்விக்குச் சரியான விடை. "ஹட்டனுக்கு எது பொருந்தும்?" என்று கேட்டிருந்தா முழுப் புள்ளி. பல்தேர்வு வினாத்தாள் வேலை செய்வதே இப்படித்தான் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நாங்க சொல்ல வருவது. நல்ல வினாத்தாளில் பிழையான விடை சும்மா இட்டு நிரப்பப்பட்டது இல்லை. அது ஒன்றில் வேறொரு கேள்வியின் சரியான விடை, இல்லாவிட்டால் பிள்ளைகள் வழமையாக விடுகிற ஒரு தவறின் விளைவு. அதைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டப் பழகினால் வெட்டுவது சுலபம்.

ஆனா நம்ம பக்கம் பரீட்சை நெருங்கும்போது நடக்கிற செமினார்கள்ல சொல்லித் தர்றது இது இல்ல. "ஆக நீளமான விடைதான் சரி", "தெரியாட்டி மூணைப் போடு", "எல்லாம் சரி என்று இருந்தா அதைப் போடு." நாங்களும் இப்படிப்பட்ட செமினார்ல உட்கார்ந்து நோட்ஸ் எழுதினவங்கதான். அது விடை கண்டுபிடிக்கும் வழி இல்லை, லொத்தர் சீட்டுச் சுரண்டுறது. சாதாரண தர விஞ்ஞானம் முதலாம் பத்திரத்தில் 40 கேள்விகள், ஒரு மணித்தியாலம், கேள்விக்கு நான்கு விடைகள். பிழைக்குப் புள்ளி கழிப்பதில்லை. எட்டுக் கேள்விகளில் சந்தேகம் என்று வைங்க. கண்ணை மூடிக்கொண்டு போட்டா சராசரியா ரெண்டு சரிவரும். ஒவ்வொன்றிலும் ரெண்டு விடைகளைக் காரணத்தோட வெட்டிட்டுப் போட்டா சராசரியா நாலு வரும். வெட்டத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் உள்ள வித்தியாசம் அந்த ரெண்டு புள்ளி. அந்த வெட்டும் பல நேரம் விடையையே காட்டிக் கொடுத்துடும்.

குளத்து மீன் ஏன் செத்தது?

சுற்றாடல் பகுதியில் அடிக்கடி வரும் வகைக் கேள்வி ஒன்றை நாங்களே அமைத்தோம்.

தோட்டத்தில் இட்ட யூரியா மழையோடு கழுவுண்டு குளத்தில் சேர்கிறது. அல்காக்கள் பெருகி நீர் பச்சையாகிறது. சில வாரங்களில் மீன்கள் இறக்கின்றன. மீன்கள் இறப்பதற்கான நேரடிக் காரணம் எது?

(1) யூரியா மீன்களுக்கு நஞ்சாக அமைதல்
(2) நீரில் நைத்திரேற்றின் அளவு கூடுதல்
(3) இறந்த அல்காக்களைப் பிரிகையாக்கும் பற்றீரியாக்கள் கரைந்த ஒட்சிசனைப் பயன்படுத்துதல்
(4) அல்காக்கள் ஒளித்தொகுப்பின்போது ஒட்சிசனை வெளிவிடுதல்

விடை (3). ஆனா எங்க வகுப்புல அதிகம் பேர் விழுந்தது (2) இல. அது பொய்யான வாக்கியம் இல்லை என்பதுதான் சிக்கல். நைத்திரேற்று கூடுவது உண்மை. அது கதையின் தொடக்கம். கேள்வி கேட்பதோ கதையின் கடைசிப் படியை. "நேரடி" என்ற ஒரு சொல்லுக்குள்ளேயே விடை இருக்கிறது. போசணை சேருது, அல்கா பெருகுது, அல்கா சாகுது, பற்றீரியா தின்னுது, ஒட்சிசன் குறையுது, மீன் சாகுது. இந்த வரிசையை விரலால எண்ணிப் பாருங்க. மீனுக்கு முன்னால நிக்கிற படி எதுவோ அதுதான் நேரடிக் காரணம்.

இப்போ மற்றவற்றுக்கு அவற்றின் கேள்வியைக் கண்டுபிடிப்போம். (2) எந்தக் கேள்விக்கு விடை? "அல்காக்கள் பெருகியதற்குக் காரணம் என்ன?" (4)? "பகலில் அல்காக்கள் நீருக்கு எதைக் கொடுக்கும்?" அந்த வாக்கியமும் உண்மைதான், ஆனா மீன் சாகிறதுக்கு எதிர்த்திசையில் இழுக்குது. (1)? யூரியா நேரடியாகக் கொன்றிருந்தால் மழை பெய்த கையோடு மீன் செத்திருக்க வேண்டும். "சில வாரங்களில்" என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறது. அதாவது வெட்டுவதற்கான கத்தியைக் கேள்வியே கையில் தருகிறது. நாமதான் அவசரத்துல வாசிக்காம விடுறோம்.

இந்தப் பயிற்சியை நாங்க "யாரோட விடை?" என்று கூப்பிடுறோம். ஒவ்வொரு பிழையான விடைக்குப் பக்கத்திலும் அது சரியாக வரக்கூடிய கேள்வியைப் பென்சிலால் எழுத வேண்டும். முதல் வாரம் பத்துக் கேள்விக்கு ஒரு மணித்தியாலம் ஓடிரும். பிள்ளைங்க முணுமுணுப்பாங்க. ஆனா சுற்றாடல் பகுதியில திரும்பத் திரும்ப வரும் மாறாட்டங்கள் அதிகமில்ல. ஓசோன் படை தேய்வுக்கும் பூமி வெப்பமடைவதற்கும் இடையில் ஒன்று. காரணத்துக்கும் விளைவுக்கும் இடையில் ஒன்று. அமில மழைக்கும் பச்சைவீட்டு விளைவுக்கும் உரிய வாயுக்களுக்கு இடையில் இன்னொன்று. இவற்றை ஒரு தரம் பெயர் சொல்லிப் பிடித்துவிட்டால் பரீட்சை மண்டபத்தில் பார்த்த உடனே தெரியும்.

ஏ, பி, சி என்று மூன்று கூற்றுகளைத் தந்து "சரியானவை எவை?" என்று கேட்கும் வகையிலும் இதே வழிதான், இன்னும் வேகமாக. காபனீரொட்சைட்டு ஒரு பச்சைவீட்டு வாயு என்பது ஏ. மெதேனும் அப்படியே என்பது பி. ஓசோன் படையில் ஏற்பட்ட துவாரத்தாலேயே பூமி வெப்பமடைகிறது என்பது சி. விடைகள்: ஏ மட்டும், ஏ, பி மட்டும், பி, சி மட்டும், மூன்றும். இங்கே மேலிருந்து கீழே வரிசையா போகத் தேவையில்லை. மூணுல உங்களுக்கு ஆக நிச்சயமானது எதுவோ அதுல தொடங்குங்க. சி பிழை என்று பட்டதும் அது இருக்கிற ரெண்டு விடைகளும் விழுந்துரும். மிச்ச ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் பி மட்டும்தான். ஏயை வாசிக்கவே தேவையில்லை.

இதில் ஓர் எச்சரிக்கை. "மட்டுமே", "எப்போதும்" என்று வந்தா அந்த விடையை வெட்டிடு என்று ஒரு விதி சொல்லுவாங்க. பல இடத்தில் பலிக்கும். ஆனா "உணவுச் சங்கிலியில் சக்தி ஒரு திசையில் மட்டுமே பாயும்" என்பது சரியான கூற்று. பதார்த்தங்கள் வட்டமாகச் சுற்றும், சக்தி சுற்றாது. அந்தச் சொல்லைக் கண்டால் நிறுத்தி யோசிக்கலாம். கண்டதுமே வெட்டக்கூடாது.

வளையியைப் பார்க்க முன்னம் அச்சைப் பாருங்க

வரைபுக் கேள்வியில நேரம் போறது வாசிக்கத் தெரியாததால இல்ல. கண் நேரா வளைகோட்டின் உச்சிக்குப் போயிருது, அதுதான் காரணம். அடைத்த பாத்திரத்தில் சீனிக் கரைசலில் மதுவக் கலங்கள் பெருகுவதை நாங்க வரைபாகக் கொடுத்தோம். நெடுக்கு அச்சில் கலங்களின் எண்ணிக்கை, கிடை அச்சில் நேரம். தொடக்கத்தில் 10. அதன்பின் ஒவ்வொரு இரண்டு மணித்தியாலத்துக்கும் 40, 160, 360, 460, 490, 500. ஆங்கில எழுத்து எஸ் மாதிரி வளைஞ்சு மேல போய்த் தட்டையாகும். கேள்வி: குடித்தொகை ஆக வேகமாக வளர்ந்தது எந்தக் காலத்தில்? விடைகளாக 0–2, 4–6, 8–10, 10–12 மணித்தியாலங்கள்.

பெரும்பாலானவங்க 10–12 என்று போட்டாங்க. உச்சி அங்கதானே இருக்கு. ஆனா அந்த ரெண்டு மணித்தியாலத்துல கூடினது வெறும் 10. நாலுக்கும் ஆறுக்கும் இடையில் கூடினது 200. 10–12 எந்தக் கேள்விக்கு விடை? "ஆகக் கூடிய கலங்கள் இருந்தது எப்போது?" கேள்வியோ எவ்வளவு இருக்கு என்று கேட்கல. எவ்வளவு வேகமா கூடுது என்று கேட்குது. உயரம் ஒன்று, சரிவு வேறொன்று.

மலையில நடக்கிறவங்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறது கஷ்டமில்ல. லயத்துல இருந்து மேல மலைக்கு ஏறும்போது மூச்சு வாங்கிறது உச்சியிலயா, ஏத்தத்திலயா? உச்சியில நின்னு காத்து வாங்கலாம். செங்குத்தான இடத்துலதான் மூச்சு வாங்கும். வளர்ச்சி வேகம் என்று கேட்டால் அந்தச் செங்குத்தான இடத்தைத் தேடுங்க. அடிமட்டத்தை வளைகோட்டின் மேல் சாய்த்து வைத்துப் பார்த்தால் எங்கே ஆக நிமிர்ந்து நிற்கிறது என்று கண்ணுக்கே தெரியும். கணக்கே போடத் தேவையில்லை.

அடுத்த பொறி அச்சு தொடங்கும் இடம். வளிமண்டலக் காபனீரொட்சைட்டை ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலையில் 1958 இலிருந்து அளந்து வருகிறார்கள். அந்த வரைபைப் பாடப்புத்தகத்தில், பத்திரிகையில் எங்காவது பார்த்திருப்பீங்க. தொடக்கத்தில் அது பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 315 பங்கு. 2023 ஆகும்போது 420 ஐத் தாண்டியிருந்தது. வழமையாக நெடுக்கு அச்சை 300 அல்லது 310 இலிருந்து கீறுவார்கள். பூச்சியத்திலிருந்து கீறினால் ஏற்றம் தெளிவாகத் தெரியாது என்பதால் அதில் பிழையில்லை. ஆனா கண்ணுக்கு என்ன படும்? அடியில கிடந்த கோடு உச்சிக்குப் போயிருக்கு, அப்போ பல மடங்கு கூடியிருக்கு என்று படும்.

இதில் "315 இலிருந்து 420 ஆக மாறியபோது சதவீத அதிகரிப்பு என்ன?" என்று கேட்டு 25, 33, 105, 400 என்று தந்தால் ஒவ்வொன்றும் ஒருவருடைய தவறு. 400 என்பது அச்சை வாசிக்காமல் படத்தை மட்டும் பார்த்தவருடையது. 105 என்பது கூடிய அளவை அப்படியே சதவீதமாக எடுத்தவருடையது. 25 என்பது கூடிய 105 ஐப் புதிய அளவான 420 ஆல் வகுத்தவருடையது. அதிகரிப்பை எப்போதும் பழைய அளவால்தான் வகுக்க வேண்டும். 315 இல் 105 மூன்று தடவை போகும். மூன்றில் ஒன்று, ஏறத்தாழ 33. கணிப்பான் கையில் இல்லாத பரீட்சையில் 105 ஐ 315 ஆல் நீள்வகுத்தல் செய்து உட்காரக் கூடாது. எத்தனை தடவை போகும் என்று மட்டும் பார்த்தால் போதும்.

கணக்கு போட முன்னம் பக்கத்தைத் தெரிவு செய்யுங்க

உர மூட்டை நம்ம பிள்ளைங்களுக்குப் புதுசு இல்ல. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன். ஒரு நிலத்துக்கு 92 கிலோகிராம் நைதரசன் கொடுக்க வேண்டுமென்றால் எவ்வளவு யூரியா தேவை? விடைகள்: 42, 92, 138, 200 கிலோகிராம்.

பேனையை எடுக்க முன்னம் ஒரு கேள்வி கேளுங்க. விடை 92 ஐ விடக் கூடவா, குறையவா? யூரியாவில் நைதரசன் அல்லாத வேறு பொருளும் இருக்கிறது. அப்போ யூரியா நைதரசனை விடக் கூடுதலாகத்தான் தேவை. 42 உம் 92 உம் விழுந்துவிட்டன. 42 யாருடையது? வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கியவருடையது. 92 ஐ 0.46 ஆல் பெருக்கினால் சரியாக அங்கேதான் போய் நிற்பார். சதவீதத்தையே மறந்தவர் 92 ஐப் போடுவார்.

இனி எவ்வளவு கூட? 46 என்பது பாதியை விடக் கொஞ்சம் குறைவு. சரி பாதியாக இருந்தால் 92 இன் இரு மடங்கு, 184 தேவைப்படும். பாதியை விடக் குறைவு என்பதால் 184 ஐ விடக் கொஞ்சம் கூட. மிச்சமிருப்பது 200 மட்டும். 138 என்பது 92 உடன் 46 ஐக் கூட்டியவருடையது. சதவீதத்தைக் கிலோகிராமாக நினைத்துவிட்டார். சரிபார்க்கணும்னா 200 இல் 46 சதவீதம் 92. முடிஞ்சது.

இதுக்கு இருபது வினாடி போதும். முழுக் கணக்கையும் எழுதிச் செய்தால் ஒன்றரை நிமிஷம் போகும். அப்படியும் பெருக்கிறதா வகுக்கிறதா என்ற தடுமாற்றம் போகாது. திசை தெரியாம கணக்கு போட்டவருக்கு 42.32 வரும். பக்கத்துல 42 என்று ஒரு விடை இருக்கும். "ஆ, சரி" என்று நம்பிப் போட்டுட்டு சந்தோஷமா போயிருவார். உங்க கணக்குக்கு வந்த எண் விடைகள்ல இருக்கிறது என்பதற்காக அது சரியென்று அர்த்தமில்லை. அந்த எண்ணை அங்கே வைத்தவருக்கு நீங்க அந்தத் தவறை விடுவீங்க என்று முன்னமே தெரியும்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. நான்கு விடைகளும் ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக, 196, 198, 200, 202 என்று தந்திருந்தால் மதிப்பீடு உதவாது, கணக்கைச் செய்துதான் ஆக வேண்டும். வெறும் ஞாபகத்தைச் சோதிக்கும் கேள்வியிலும் வெட்டுவதற்குப் பிடி கிடைக்காது. அவரை வேர்ச் சிறுகணுவில் வாழும் பற்றீரியாவின் பெயரைப் படிக்கவில்லை என்றால் எந்த உத்தியும் அதைக் கொண்டுவந்து தராது. அங்கே நிற்காதீங்க. ஒன்றைப் போட்டுவிட்டு, வினாத்தாளில் இலக்கத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு நகருங்க. விடைத்தாளில் அந்த வரியை வெறுமையாக விட்டுப் போனால் அடுத்த கேள்விக்குரிய புள்ளடி ஒரு வரி மேலே ஏறிவிடும். பிறகு கடைசி வரைக்கும் எல்லாம் மாறிப்போகும். எங்கள்ல ஒருத்தருக்கு இது நடந்தது. அவர் அதைக் கண்டுபிடிச்சது 38 ஆம் கேள்வியில.

40 கேள்விக்கு 60 நிமிஷம் என்றால் ஒன்றுக்கு ஒன்றரை நிமிஷம். வரைபு, கணக்கு இல்லாத கேள்விகளை ஒரு நிமிஷத்துக்குள் முடித்தால் மிச்சத்தை அவற்றுக்குக் கொடுக்கலாம். வட்டம் போட்டவற்றுக்குத் திரும்பி வரவும் நேரம் இருக்கும்.

எங்க வாதம்

பதினொன்றாம் தர விஞ்ஞானத்தில் உயிர்க்கோளம் கடைசி அலகு. கடைசி அலகு என்றால் என்ன நடக்கும் என்று தோட்டப் பாடசாலையில் படித்தவங்களுக்குத் தெரியும். ஆசிரியர் மாற்றலாகிப் போயிருப்பார், இல்லாட்டி தவணை முடிஞ்சிருக்கும், இல்லாட்டி "இது லேசுதான், வீட்டுல வாசிச்சுக்குங்க" என்று விட்டுருவாங்க. வாசிச்சா லேசாத்தான் இருக்கும். மழை, குளம், உரம், காடு, எல்லாம் தெரிந்த சொற்கள். அந்தத் தெரிந்த சொற்களாலேயேதான் பிழையான விடைகளையும் செய்கிறார்கள். இரசாயனக் கேள்வியில தெரியாட்டி தெரியல என்று நமக்கே விளங்கும். சுற்றாடல் கேள்வியில தெரிந்த மாதிரியே இருந்து கவிழ்த்துவிடும்.

மலையகத்தில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைகள் குறைவு. அந்தக் கொஞ்ச இடங்களுக்குள் போவதற்குச் சாதாரண தரத்து விஞ்ஞானப் பெறுபேறுதான் கதவு. அந்தக் கதவு முன்னால நிக்கிற பிள்ளைக்கு "மூணைப் போடு" என்று சொல்லி அனுப்புறதை நாங்க ஏத்துக்க மாட்டோம்.

ஆகவே கடந்தகால வினாத்தாள் செய்விக்கும் அண்ணன், அக்காமாரிடமும் ஆசிரியர்களிடமும் எங்க கோரிக்கை ஒன்றுதான். "ஒண்ணு மூணு, ரெண்டு நாலு" என்று விடைகளை மட்டும் வாசிச்சுட்டுப் போகாதீங்க. வாரத்துக்குப் பத்துக் கேள்வி போதும். ஆனா அந்தப் பத்துக் கேள்வியோட முப்பது பிழையான விடைகளும் யாருடையவை என்று பிள்ளைகளைச் சொல்ல வையுங்க. நேரம் போகும் என்பீங்க. பயிற்சியில் போகிற நேரம் மண்டபத்தில் திரும்பி வரும்.

எங்க வகுப்புல இப்போ அடுத்த கட்டத்துக்கு வந்திருக்கோம். பிள்ளைங்களே கேள்வி எழுதணும். சரியான விடையை எழுதுறது ஒரு நிமிஷ வேலை. முதல் ரெண்டு பிழையான விடைகளும் வந்துருது. மூணாவதுலதான் எல்லாரும் பென்சிலைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. போன வாரம் ஒரு தங்கச்சி எங்க மழை வரைபை எடுத்து, கேள்வியை "ஹட்டனுக்குப் பொருந்துவது எது?" என்று மாத்தி, நம்ம ஊர் வரைபைப் பிழையான விடையா வச்சிருந்தா. வகுப்புல நாலு பேர் அதுல விழுந்தாங்க.